தலைவலி வராமல் காக்கும் மாத்திரை: டோபிரமேட் எடுப்போர் அறிய வேண்டியவை

ஒற்றைத் தலைவலிக்கு இரண்டு வகை மருந்துகள் உண்டு. வலி தொடங்கியதும் போட்டுக்கொள்வது ஒரு வகை. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுத்து, வலி வரும் நாட்களையே குறைப்பது இன்னொரு வகை. டோபிரமேட் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மண்டை பிளக்கும் நேரத்தில் இதில் ஒன்றை எடுத்து விழுங்கினால் எந்தப் பயனும் இருக்காது. இந்த வேறுபாடு புரியாமல், “ஒரு வாரம் போட்டேன், கேட்கவில்லை” என்று மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

மாதத்தில் நான்கு நாட்களுக்கு மேல் ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், குறைவான நாட்களே வந்தாலும் வந்தால் படுக்கையிலேயே கிடப்பவர்கள், வலி மாத்திரைகளை வாரத்தில் இரண்டு மூன்று நாள் போட்டுப் பழகிவிட்டவர்கள் ஆகியோருக்குத் தடுப்பு மருந்து பற்றி மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். கடைசியாகச் சொன்னவர்களின் நிலை கவலைக்குரியது. சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளும், பல மருந்துகள் கலந்த வலி மாத்திரையை மாதம் 10 நாளும் தாண்டிப் போட்டுக்கொண்டே போனால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும்.

டோபிரமேட்டின் பிறப்பு தலைவலியோடு தொடர்புடையது அல்ல. 1979-இல் அமெரிக்காவின் மெக்நீல் நிறுவன ஆய்வுக்கூடத்தில் புரூஸ் மேரியனாஃப் என்ற வேதியியலாளர் நீரிழிவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸிலிருந்து அவர் உருவாக்கிய பொருட்களில் ஒன்று, எதிர்பாராத வகையில் வலிப்பை அடக்கியது. அமெரிக்காவில் 1996-இல் அது வலிப்பு மருந்தாக அனுமதி பெற்றது. வலிப்புக்காக எடுத்தவர்களில் சிலருக்குத் தலைவலியும் குறைந்தது கவனத்துக்கு வர, தனியாக ஆய்வுகள் நடந்து, 2004-இல் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கும் அனுமதி கிடைத்தது. மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, “இது ஃபிட்ஸ் மாத்திரையாச்சே, இவளுக்கு எதுக்கு?” என்று மருந்துக் கடையில் யாராவது கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. மாத்திரை அதேதான். கொடுக்கும் காரணமும் அளவும் வேறு.

இரண்டுக்கும் எப்படி வேலை செய்கிறது? ஒற்றைத் தலைவலிக்காரரின் மூளை எளிதில் தூண்டப்படும் தன்மை கொண்டது. தூக்கம் கெடுதல், வெயில், பட்டினி, மாதவிடாய் நெருங்கும் நாட்கள் என்று ஏதோ ஒன்று தூண்டிவிட, மூளையின் மேற்பரப்பில் மின் கிளர்ச்சி அலை ஒன்று மெதுவாகப் பரவி, அதன் பின்னால் ஓர் அமைதி அலை தொடர்கிறது. சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் கோடுகள் நெளிவது இந்த அலையால்தான். டோபிரமேட் நரம்பணுக்களின் சோடியம் வாயில்களைக் கட்டுப்படுத்துகிறது. கிளர்ச்சியூட்டும் சைகைகளைக் குறைத்து, அடக்கும் சைகைகளுக்குப் பலம் சேர்க்கிறது. வாரக்கணக்கில் தொடர்ந்து கொடுத்தபோது அந்த அலை எழுவது குறைந்ததை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. பலன் தெரிய வாரங்கள் ஆவதற்கான விளக்கத்தை இங்கேதான் தேட வேண்டும்.

எவ்வளவு எடுப்பது, எவ்வளவு எதிர்பார்ப்பது

அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான ஆய்வுகளில் மாதத்துக்கு ஐந்தாறு முறை தலைவலி வருகிறவர்கள் சேர்க்கப்பட்டார்கள். முதல் ஆய்வில் தினம் 100 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மாதத்தில் இரண்டு முறை குறைந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு ஒரு முறைகூட முழுதாகக் குறையவில்லை. தலைவலி பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்தவர்கள் 100 மில்லிகிராம் குழுவில் 54 சதவிகிதம், போலி மாத்திரைக் குழுவில் 23 சதவிகிதம். அதாவது, எடுப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலி பாதியாகும். அடியோடு நின்றுவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. 200 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 100 எடுத்தவர்களைவிடச் சொல்லிக்கொள்ளும்படியான கூடுதல் பலன் இல்லை. பக்க விளைவுகளோ கூடின. ஆகவே ஒற்றைத் தலைவலிக்கு 100 மில்லிகிராம்தான் வழக்கமான எல்லை. வலிப்பு நோயாளி ஒருவர் 300, 400 எடுக்கிறார் என்பதை வைத்துத் தலைவலிக்காரர் தன் அளவைத் தானே கூட்டிக்கொள்ளக் கூடாது.

100-ஐ முதல் நாளே தொடங்குவதும் தவறு. முதல் வாரம் இரவில் 25. இரண்டாம் வாரம் காலை 25, இரவு 25. மூன்றாம் வாரம் காலை 25, இரவு 50. நான்காம் வாரம் காலை 50, இரவு 50. படிக்கட்டு ஏறுவது போல ஏறுவதே முறை. உடல் சிரமப்பட்டால் ஒரு படியில் இரண்டு வாரம் நிற்கலாம். பலன் உண்டா இல்லையா என்ற முடிவை முழு அளவை எட்டி இரண்டு மூன்று மாதம் ஆன பிறகே எடுக்க வேண்டும். அதற்கு ஒரு நாட்காட்டி போதும்: வலி வந்த நாளில் ஒரு புள்ளி, வலி மாத்திரை போட்ட நாளில் ஒரு கோடு. “கொஞ்சம் பரவாயில்லை டாக்டர்” என்ற வாய்மொழியைவிட அந்தப் புள்ளிகள் மருத்துவருக்கு எத்தனையோ மடங்கு உதவும்.

மதமதப்பு

உதாரணத்துக்கு ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். வயது 27. நடுநிலைப் பள்ளி ஆசிரியை. திருமணமாகி ஒரு வருடம். மாதம் எட்டு நாள் தலைவலி. 25 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டாவது வாரம் 50-க்கு வந்திருக்கிறார். ஒரு நாள் காலையில் சாக்பீஸைப் பிடிக்கும்போது விரல் நுனிகளில் சுருக்சுருக்கென்று ஊசி குத்துவது போல இருக்கிறது. மாலையில் பாதங்களில் எறும்பு ஊர்கிறது. உதட்டைச் சுற்றியும் ஒரு மதமதப்பு. வழியில் பன்னீர் சோடா வாங்கிக் குடித்தால் சுறுசுறுப்பே இல்லை. காசை நாக்கில் வைத்தது போல ஒரு உலோகச் சுவை.

வீட்டில் இதற்கு விளக்கங்கள் குவியும். சத்துக் குறைவு, சர்க்கரையாக இருக்கும், ஒரு சத்து ஊசி போட்டுவிடு என்பார்கள். உண்மையில் விரலின் மதமதப்பும் சோடாவின் சப்பும் ஒரே காரணத்தால் வருபவை. நம் உடலில் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி ஒன்று இருக்கிறது. கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து அமிலமாக்குவதும் திரும்பப் பிரிப்பதும் அதன் வேலை. டோபிரமேட் இந்த நொதியையும் ஓரளவு முடக்குகிறது. நாக்கின் சுவை அணுக்கள் சோடாவின் சுறுசுறுப்பை உணர்வது இந்த நொதியின் துணையால்தான். அது முடங்கும்போது சோடா சப்பென்று ஆகிறது. நரம்பு முனைகளின் சூழலில் அமிலச் சமன் மாறுவதால்தான் மதமதப்பு வருகிறது என்று கருதப்படுகிறது.

இது அரிதான விளைவு அல்ல. அந்த ஆய்வுகளில் 100 மில்லிகிராம் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு, சரியாகச் சொன்னால் 51 சதவிகிதம் பேருக்கு, மதமதப்பு வந்தது. 50 மில்லிகிராமில் 35 சதவிகிதம். போலி மாத்திரையில் 6 சதவிகிதம். நரம்பு கெட்டுப்போனதன் அடையாளமாக இதைக் கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு வந்து வந்து போகும், வாரங்கள் செல்லச் செல்லத் தணியும், மருந்தை நிறுத்தினால் மறையும். தாங்க முடியாவிட்டால் அளவைக் குறைப்பதே வழி. மருத்துவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் இந்தப் பயத்தில் பாதி வராமலே போகும்.

ஆனால் எந்த மதமதப்பு மருந்தால் வருவது, எது வேறு என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். டோபிரமேட்டின் மதமதப்பு இரண்டு கைகளிலும் இரண்டு பாதங்களிலும் வாயைச் சுற்றியும் வரும். கைக்குப் பலம் குறையாது. ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் மரத்து, பிடித்த டம்ளர் நழுவி, வாய் கோணி, பேச்சு குழறினால் அதை மாத்திரையின் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அதே நொதியின் முடக்கம் சிறுநீரகத்திலும் நடக்கிறது. இரத்தத்தில் அமிலத்தன்மை சற்றுக் கூடுகிறது. சிறுநீரில் கல் உருவாவதைத் தடுக்கும் சிட்ரேட் குறைந்து, கால்சியம் பாஸ்பேட் கற்கள் படிய வழி உண்டாகிறது. முன்பு சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கோடையில் வெளியே அலைகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வியர்வையையும் இந்த மருந்து குறைக்கக்கூடும். குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, வெயிலில் விளையாடியும் வியர்க்காமல் உடம்பு கொதித்தால் நிழலுக்குக் கொண்டுவந்து குளிர்வித்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வார்த்தை வராத நிமிடங்கள்

நான்காவது வாரம் ஆசிரியை 100-ஐ எட்டுகிறார். தலைவலி குறையத் தொடங்கியிருக்கிறது. ஆனால் வகுப்பில் பலகையை அழிக்கத் திரும்பி, முன்வரிசைப் பையனிடம் கை நீட்டி, “அதை எடு... அது... அந்த இது...” என்று நிற்கிறார். டஸ்டர் கண் முன்னால் இருக்கிறது. என்ன வேண்டும் என்பதும் தெரிகிறது. சொல் மட்டும் தொண்டைக்குழியில் நின்றுகொண்டு வர மறுக்கிறது. மதிப்பெண் கூட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆன இடத்தில் இருபது நிமிடம் ஆகிறது. ஒரு வரியைப் படித்துவிட்டு மறுபடியும் அதே வரிக்கு வருகிறார்.

மதமதப்பைவிட இதுதான் கடுமையான பக்க விளைவு. விரல் கூசினால் தாங்கிக்கொள்ளலாம். பேச்சையும் யோசனையையும் வைத்துப் பிழைக்கிறவருக்கு வார்த்தை வராமல் போவது பிழைப்பிலேயே கை வைப்பது. ஆய்வுகளில் 100 மில்லிகிராம் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் ஞாபகச் சிரமத்தையும், ஆறு பேர் பேச்சில் சிரமத்தையும், ஆறு பேர் கவனக் குறைவையும் சொன்னார்கள். போலி மாத்திரையில் ஒவ்வொன்றிலும் இரண்டு பேர்தான். 200 மில்லிகிராமில் ஞாபகச் சிரமம் 11 ஆகவும் கவனக் குறைவு 10 ஆகவும் ஏறியது. அளவு ஏற ஏற மந்தமும் ஏறும் என்பதற்கு இதுவே சாட்சி. பக்க விளைவுகளால் மருந்தைக் கைவிட்டவர்கள் 100 மில்லிகிராம் குழுவில் நான்கில் ஒரு பங்கு. சிறிய எண்ணிக்கை அல்ல இது.

இந்த மந்தத்துக்கு ஒரு தனி முகம் உண்டு. பழைய நினைவுகள் அழிவதில்லை, ஆட்களை மறப்பதில்லை, வழி தவறுவதில்லை. சொல்லைத் தேடி எடுப்பதும், ஒரு கேள்விக்குப் பதிலைத் தயாரிப்பதும் தாமதமாகின்றன. சிக்கல் என்னவென்றால், எடுப்பவருக்கே இது தெரியாமல் போகலாம். “ஏன் இப்போதெல்லாம் பாதியில் நிறுத்திவிட்டு யோசிக்கிறாய்?” என்று வீட்டில்தான் முதலில் கேட்பார்கள். அதனால் மருந்து தொடங்கும்போதே கணவரிடமோ, அம்மாவிடமோ, கூட வேலை செய்கிறவரிடமோ, “நான் மந்தமாகத் தெரிந்தால் சொல்லுங்கள்” என்று கேட்டு வைப்பது நல்லது. தூக்கக் குறைவும் தலைவலியும்கூட மூளையை மந்தமாக்கும். எதனால் என்று அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. மந்தம் எந்த வாரம் தொடங்கியது, அந்த வாரம் அளவு கூட்டப்பட்டதா என்று நாட்காட்டியைப் பார்த்தால் போதும். தலைவலி இல்லாத நாளிலும் வார்த்தை தடுமாறுகிறது என்றால் மருந்தின் மீதே சந்தேகம் விழ வேண்டும்.

ஆசிரியை மருத்துவரிடம் போகிறார். காலை 25, இரவு 50 என்று 75-க்கு இறக்குகிறார் மருத்துவர். இரண்டு வாரத்தில் வார்த்தைகள் திரும்பி வருகின்றன. விரல் நுனிக் கூச்சம் மட்டும் எப்போதாவது. மூன்றாம் மாத முடிவில் நாட்காட்டியில் எட்டுப் புள்ளிகள் நான்காகியிருக்கின்றன. 75 போதும் என்று நிற்கிறார்கள். எல்லோருக்கும் இப்படி ஒரு நடுவழி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. குறைத்தும் மந்தம் போகாவிட்டால் மருந்தை மாற்றுவதே சரி. படிப்பவரையும் வாகனம் ஓட்டுபவரையும் பொறுத்துக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. நிறுத்தினால் மந்தம் நீங்கிவிடும் என்பது ஆறுதலான செய்தி.

பசி குறைந்து சில கிலோ எடை இறங்குவதும் உண்டு. சிலர் இதை வரமாக நினைத்து, எடை குறைக்கவே இந்த மாத்திரையைத் தேடுகிறார்கள். மேலே சொன்ன விலைகளைப் பார்த்தால் அது எவ்வளவு தவறு என்று தெரியும். மனநிலைக்கும் ஒரு கண் வேண்டும். காரணமில்லாத சோகம், எரிச்சல், வாழ்க்கை வேண்டாம் என்ற எண்ணம் இவை தலைகாட்டினால் அடுத்த மாதச் சந்திப்பு வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உடனடி அபாயம் ஒன்று கண்ணில் இருக்கிறது. அரிதானது, ஆனால் தவறவிட்டால் பார்வை போகும். மருந்து தொடங்கிய முதல் மாதத்துக்குள் கண்ணின் உள்ளே திரவம் சேர்ந்து, வில்லை முன்னால் தள்ளப்பட்டு, கண் அழுத்தம் திடீரென்று ஏறுகிறது. தூரத்துப் பொருள் மங்கும், கண் சிவந்து வலிக்கும். ஒற்றைத் தலைவலிக்காரர் இதையும் தன் வழக்கமான வலி என்றே எண்ணிவிடும் ஆபத்து அதிகம். வழக்கமான மின்னல் கோடுகள் ஒரு மணி நேரத்துக்குள் மறையும். இந்த மங்கல் மறையாது. அப்போது கண் மருத்துவரிடம் அன்றே போய், “டோபிரமேட் தொடங்கியிருக்கிறேன்” என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். மருந்தை நிறுத்துவதே இதற்கான முதல் சிகிச்சை.

கருவுறும் வயதில்

ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம். அது உச்சத்தில் இருப்பது 20 முதல் 45 வயது வரை. பிள்ளை பெறும் வயதும் அதுவே. அதனால் டோபிரமேட் யாருக்கு அதிகமாக எழுதப்படுகிறதோ, அவர்களிடமே அது மிகுந்த எச்சரிக்கையைக் கோருகிறது.

வட அமெரிக்காவில் வலிப்பு மருந்து எடுக்கும் கர்ப்பிணிகளைப் பின்தொடரும் பதிவேடு ஒன்று இருக்கிறது. டோபிரமேட் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் 1000-க்கு சுமார் 11 பேருக்கு உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ இருந்தது. வலிப்பு நோயும் மருந்தும் இல்லாத தாய்மார்களிடம் இது 1000-க்கு சுமார் ஒன்று. பிறக்கும்போது வளர்ச்சி குன்றியிருந்த குழந்தைகள் டோபிரமேட் குழுவில் 100-க்கு சுமார் 20, மற்றவர்களிடம் சுமார் 5. இதில் முதல் எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் வெளியிட்டது.

அந்தத் தாய்மார்கள் பெரும்பாலும் வலிப்புக்காக அதிக அளவு எடுத்தவர்கள்தானே, தலைவலிக்கான 100-க்கு இது பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. 2018-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. அதிக அளவில் 1000-க்கு 12 ஆக இருந்த பிளவு, குறைந்த அளவில் 1000-க்கு 2 ஆக இறங்கியது. மருந்தே எடுக்காதவர்களிடம் அது 1. அளவு குறைந்தால் ஆபத்தும் குறைகிறது, ஆனால் இல்லாமல் போவதில்லை.

2022-இல் வட ஐரோப்பிய நாடுகளின் பதிவேடுகளிலிருந்து இன்னொரு கவலை எழுந்தது. வலிப்புக்காக டோபிரமேட் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் எட்டு வயதுக்குள் ஆட்டிசம் 4.3 சதவிகிதம், மருந்து எடுக்காதவர்களின் குழந்தைகளில் 1.5 சதவிகிதம். அறிவு வளர்ச்சிக் குறைபாடும் கூடியிருந்தது. 2024-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, தாயின் நோய் முதலிய மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தால் ஆட்டிசத்தில் வேறுபாடு ஏறக்குறைய இல்லை என்றது. விவாதம் முடியவில்லை. ஆனால் ஐரோப்பிய மருந்து அமைப்பு 2023-இலும், பிரிட்டன் 2024 ஜூனிலும் முடிவெடுத்துவிட்டன: ஒற்றைத் தலைவலிக்காகக் கர்ப்ப காலத்தில் டோபிரமேட் கூடவே கூடாது, கருவுறும் வாய்ப்புள்ள பெண்ணுக்குக் கொடுக்க வேண்டுமானால், முதலில் கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்து, நம்பகமான கருத்தடையை உறுதி செய்துகொண்டே கொடுக்க வேண்டும். இது சரியான முடிவு. தலைவலிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. குழந்தையின் மூளையை வைத்து விவாதம் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

முன்கூட்டியே யோசிக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் காலக்கணக்கு. கருவின் உதடு இரண்டாம் மாத வாக்கில் ஒட்டி உருவாகிறது, அண்ணம் மூன்றாம் மாதத்துக்குள் மூடுகிறது. நம் வீடுகளில் நாள் தள்ளிப்போனால், “45 நாள் ஆகட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம்” என்று காத்திருப்பது வழக்கம். அந்தக் காத்திருப்பு முடியும்போது உதடு உருவாகும் காலம் வந்துவிட்டிருக்கும். டோபிரமேட் எடுக்கும் பெண் நாள் தள்ளிப்போன முதல் வாரத்திலேயே சோதித்துவிட வேண்டும்.

கருத்தடையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டோபிரமேட் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, கருத்தடை மாத்திரையின் ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடக்கூடும். 200 மில்லிகிராமிலும் அதற்கு மேலும் இது தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் கீழேயும் மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம் என்பதே பிரிட்டிஷ் அறிவுரை. அவசரக் கருத்தடை மாத்திரையின் பலமும் குறையலாம். கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி-யை இந்த மருந்து தொடுவதில்லை. அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் பொருத்தமானதே. தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரியும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை, டோபிரமேட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அதனால் பக்கவாத ஆபத்து கூடுகிறது.

எல்லாம் மீறிக் கருத்தரித்துவிட்டால்? தலைவலிக்காக எடுப்பவர் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும்; மருந்தை நிறுத்தச் சொல்வார். வலிப்புக்காக எடுப்பவர் மட்டும் தானாக நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து. மருந்து உடலில் இருந்தபோது கரு உண்டானது என்பதற்காகக் கருவைக் கலைக்க ஓடவும் வேண்டாம். பதிவேட்டின் கணக்கையே திருப்பிப் படித்தால் 1000-க்கு 989 குழந்தைகளுக்குப் பிளவு இல்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் உதட்டைக் கவனித்துப் பார்க்கச் சொல்லலாம். தலைவலியை நிறுத்தப் பாரசிட்டமால் உண்டு. பலருக்குக் கர்ப்பத்தின் பிற்பாதியில் ஒற்றைத் தலைவலி தானாகவே தணிகிறது. டோபிரமேட்டுக்குப் பதில் வால்புரோயேட் என்று மாற்றுவது மட்டும் எண்ணெய்ச் சட்டியிலிருந்து அடுப்பில் விழுந்த கதை. அது கருவுக்கு இதைவிடக் கேடு.

நம் ஆசிரியை ஏழாம் மாதத்தில் பிள்ளை பெற்றுக்கொள்ள விரும்புவதாக மருத்துவரிடம் சொல்கிறார். வாரத்துக்கு 25 வீதம் இறக்கி மருந்து நிறுத்தப்படுகிறது. ஆறு மாதம் எடுத்து நிறுத்தியவர்களில் பலருக்குப் பலன் உடனே முழுதாக மறைவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவருக்கும் மாதம் ஐந்து நாளில் நிற்கிறது. ஃபோலிக் அமில மாத்திரை தொடங்குகிறார். பிரிட்டிஷ் விதிப்படி, கடைசி டோபிரமேட்டை விழுங்கிய பிறகும் நான்கு வாரம் கருத்தடை தொடர்கிறது. அதன் பிறகே காப்பர்-டி எடுக்கப்படுகிறது.

பரபரப்பான புறநோயாளிப் பிரிவில், கூட்டம் அலைமோதும்போது, இந்தக் கேள்விகளை மருத்துவர் கேட்க மறந்துபோகலாம். தலைவலிக்கு டோபிரமேட் என்று சீட்டில் எழுதப்பட்டால், திருமணமானவரோ ஆகாதவரோ, கடைசி மாதவிடாய்த் தேதியையும் குழந்தை பற்றிய எண்ணத்தையும் முதல் மாத்திரைக்கு முன்னால் பெண்களே வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.